மெசேஜ், கால், ரியாக்‌ஷன்: அறிவிப்பை ஆப்பில் நிறுத்துவதா, போனில் நிறுத்துவதா?

ஆண்ட்ராய்டு போனில் ஒரு மெசேஜ் ஆப்பின் அறிவிப்புகளைச் சரிசெய்ய இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஆப்புக்கு உள்ளே இருக்கும் Notifications பக்கம் ஒன்று. போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கென்று இருக்கும் அறிவிப்புப் பக்கம் இன்னொன்று. இரண்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான பெயர்கள், ஒரே மாதிரியான சுவிட்சுகள். அதனால் ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறிவிடும் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஆப்பில் எல்லாம் ‘ஆன்’ என்று காட்டும், போன் மட்டும் வாயே திறக்காது. அல்லது போனில் ஒலியை நிறுத்தியிருப்பார்கள், நாலு நாள் கழித்து அது மறுபடி ஒலிக்கும்.

இந்தக் குழப்பம் தீர, யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். ஒரு அறிவிப்பு உங்களை வந்துசேர இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு ஆப்பினுடையது. ‘இந்த நிகழ்வுக்கு அறிவிப்பு அனுப்பலாமா வேண்டாமா’ என்பதை அது முடிவு செய்கிறது. அனுப்புவதாக இருந்தால், அதைத் தனி மெசேஜ், குழு மெசேஜ், அழைப்பு போன்ற வகைகளில் ஏதாவது ஒன்றில் சேர்த்துப் போனிடம் கொடுக்கிறது. இரண்டாவது கதவு போனுடையது. ‘இந்த வகையில் வருவதை எப்படிக் காட்டுவது’ என்பதை அது முடிவு செய்கிறது: ஒலியோடா, ஒலியில்லாமலா, திரையின் மேலே எட்டிப்பார்க்கும்படியா, காட்டவே வேண்டாமா. இரண்டு கதவும் திறந்திருந்தால்தான் சத்தம் கேட்கும். ஏதாவது ஒன்று மூடியிருந்தால் மற்றது எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் பயனில்லை.

இந்த வகைகள் 2017-இல் ஆண்ட்ராய்டு 8-ஓடு வந்தவை. அதற்கு முன்பு ஒலி, அதிர்வு எல்லாவற்றையும் ஆப்பே கையில் வைத்திருந்தது. இப்போது ஆப் ஒரு வகையை முதன்முறை உருவாக்கும்போது மட்டும் அதன் ஒலி, அதிர்வு, முக்கியத்துவம் இன்னது என்று சொல்லலாம். அதன் பிறகு அந்த வகை உங்களுடையது. நீங்கள் அதைச் சைலண்ட் ஆக்கிவிட்டால், ஆப் நினைத்தாலும் அதைத் திருப்பி ஒலிக்க வைக்க முடியாது. பயனருக்குச் சாதகமான நல்ல விதி இது. ஆனால் ஆப்புக்குள் இருக்கும் ஒலி சுவிட்ச் சில நேரம் பொம்மை மாதிரி ஆகிவிடுவதற்கும் இதுதான் காரணம்.

வகைகள் எங்கே இருக்கின்றன

ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடியுங்கள். வரும் சிறு மெனுவில் App info அல்லது வட்டத்துக்குள் i எழுதிய குறி இருக்கும். அதைத் தொட்டு Notifications-க்குள் போங்கள். மேலே மொத்த அறிவிப்புக்கும் ஒரு பெரிய சுவிட்ச், அதன் கீழே வகைகளின் பட்டியல். வாட்ஸ்அப் போன்ற ஆப்பில் தனி மெசேஜ், குழு மெசேஜ், அழைப்பு என்று தனித்தனியாக இருக்கும். அவற்றோடு பேக்கப் நடப்பதைக் காட்டுவது, படம் அனுப்பப்படுவதைக் காட்டுவது போன்ற வேலைக்கார வகைகளும் இருக்கும். பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

பெரிய சுவிட்ச் அணைந்திருந்தால் கீழே எதையும் தொட வேண்டாம், முதலில் அதைப் போடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் ஆப் உங்களிடம் அனுமதி கேட்ட பிறகுதான் அறிவிப்பு காட்ட முடியும். அந்தக் கேள்வி வந்த அவசரத்தில் Don’t allow தொட்டவர்கள் நிறையப் பேர். ஆப்புக்குள் எல்லாம் ஆன் ஆகவே இருக்கும், ஆனால் எதுவும் வராது.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. One UI 6.1 முதல் இந்த வகைப் பட்டியல் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. Settings, Notifications, Advanced settings என்று போய், Manage notification categories for each app என்ற சுவிட்சைப் போட வேண்டும். அப்புறம் திரும்ப ஆப்பின் அறிவிப்புப் பக்கத்துக்கு வந்தால் Notification categories என்ற வரி தெரியும். இந்த ஒரு சுவிட்ச் தெரியாததால் ‘என் போனில் அந்த வசதியே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஐபோனில் இப்படி வகைகள் கிடையாது. ஒரு ஆப்புக்கு ஒலி, பேனர், பேட்ஜ் என்று மொத்தமாக ஒரே தொகுப்புதான். மெசேஜுக்கும் குழுவுக்கும் ரியாக்‌ஷனுக்கும் வித்தியாசம் வைக்க வேண்டுமென்றால் ஆப்புக்குள்தான் வைக்க முடியும். இனி சொல்வதெல்லாம் ஆண்ட்ராய்டுக்கு.

ஒரு வகையின் உள்ளே

ஏதாவது ஒரு வகையின் பெயரைத் தொட்டால் அதன் பக்கம் திறக்கும். பெரும்பாலான போன்களில் Default, Silent என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். சாம்சங்கில் முதலாவதை Alert என்று போட்டிருப்பார்கள். முதலாவதில் ஒலியோ அதிர்வோ உண்டு. Silent-இல் இரண்டும் இல்லை. அறிவிப்பு மட்டும் கீழே, அமைதியானவற்றின் வரிசையில் போய் உட்காரும். முதலாவதைத் தேர்ந்தால் Pop on screen என்று இன்னொரு சுவிட்சும் தெரியும். வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையின் மேல்புறம் பட்டையாக எட்டிப்பார்ப்பது அதனால்தான். இவற்றோடு Sound, Vibration, பூட்டிய திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது, Do Not Disturb-ஐ மீறலாமா என்பது ஆகியவையும் அங்கேயே இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸ்அப்பின் உள்ளே Use high priority notifications என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. திரையின் மேலே எட்டிப்பார்க்கும் பட்டை வேண்டுமா என்று கேட்பது அது. போனில் அதே வகையை Silent ஆக்கி வைத்துவிட்டு ஆப்புக்குள் இந்தச் சுவிட்சைப் போட்டால், சுவிட்ச் பச்சையாக மின்னும், பட்டை வராது. போனின் கதவு கடைசியில் இருப்பதால் அதன் பேச்சுதான் நிற்கும்.

அதே பக்கத்தில் இருக்கும் Conversation tones என்பதையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆப் திறந்திருக்கும்போது, மெசேஜ் போகும்போதும் வரும்போதும் கேட்கும் சின்னச் சத்தம் அது. அறிவிப்பே இல்லை என்பதால் போனின் வகைகளுக்கு அதன்மேல் எந்தப் பிடியும் கிடையாது. அந்த ‘டொக்’ சத்தம் எரிச்சலாக இருந்தால் ஆப்புக்குள்தான் அணைக்க வேண்டும்.

ரியாக்‌ஷனில்தான் பெரும்பாலான சிக்கல்

மெசேஜுக்கும் அழைப்புக்கும் போனில் தனி வகை இருக்கும் என்று நம்பலாம். ரியாக்‌ஷனுக்கு அப்படி நம்ப முடியாது. யாரோ உங்கள் மெசேஜுக்கு ஒரு இதயம் போட்டால் வரும் அறிவிப்பை, பல ஆப்கள் சாதாரண மெசேஜ் வரும் அதே வகையில்தான் போனிடம் கொடுக்கின்றன. அப்போது போனைப் பொறுத்தவரை அதுவும் ஒரு மெசேஜ்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழி இல்லை. பிரிக்கத் தெரிந்தது ஆப்புக்கு மட்டும்தான், முதல் கதவில்.

இது தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். கமலா என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தம்பிக்கு ஏழெட்டுப் படங்கள் அனுப்புகிறார். தம்பி ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் தட்டுகிறார், ஒவ்வொன்றுக்கும் போன் கத்துகிறது. கமலா அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து, வரும் தேர்வுகளில் Silent தொட்டு, சரி என்று முடித்துவிடுகிறார். ‘ரியாக்‌ஷனை நிறுத்திவிட்டோம்’ என்பது அவர் நினைப்பு. நடந்தது வேறு. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து, இந்த வசதிக்கு ஏற்ப எழுதப்பட்ட ஆப்களில், ஒவ்வொரு நபரோடும் நடக்கும் உரையாடலைப் போன் தனித்தனியாக அடையாளம் காண்கிறது. அதனால் அந்த Silent தம்பியின் உரையாடல் முழுவதற்கும் பொருந்திவிட்டது. மறுநாள் தம்பி ‘ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன், எங்கே இருக்கிறாய்?’ என்று அனுப்பும்போது போன் அமைதியாக இருக்கும். உரையாடல்களைப் பிரிக்காத ஆப் என்றால் இன்னும் மோசம்: தனி மெசேஜ் வகை மொத்தமும் அமைதியாகிவிடும், எல்லாருடைய மெசேஜும் சத்தமில்லாமல் வரும்.

அதற்கப்புறம் கமலா செய்யக்கூடியதும் ஊகிக்கக்கூடியதுதான். ஆப்புக்குள் போய்ப் பார்ப்பார். மெசேஜ் அறிவிப்பு ஆன், ஒலி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, தம்பியின் சாட் மியூட்டில் இல்லை. போனில் ஆப்பின் பக்கத்துக்கு வந்து மெசேஜ் வகையைப் பார்த்தாலும் Default என்றே இருக்கும். ஏனென்றால் தனி நபருக்கு வைத்த அமைப்பு பொது வகையைத் தொடுவதில்லை, அதற்கு மேலாகத் தனியே நிற்கிறது. பொது வகையில் எதை மாற்றினாலும் தம்பிக்கு அது பொருந்தாது.

சரிசெய்வது எளிது. தம்பியிடமிருந்து அடுத்த மெசேஜ் வரும்போது அறிவிப்புத் திரையை இழுத்து, அந்த அறிவிப்பை அழுத்திப் பிடித்து, Default-க்கு மாற்றினால் போதும். மெசேஜ் வரும்வரை காத்திருக்க முடியாதென்றால் போனின் செட்டிங்ஸில் Notifications-க்குள் Conversations என்ற பகுதியில் தேடலாம். தனியாக மாற்றப்பட்ட உரையாடல்கள் அங்கே பட்டியலாக இருக்கும்.

ரியாக்‌ஷனை நிறுத்தச் சரியான இடம் ஆப்பின் உள்ளேதான். வாட்ஸ்அப்பில் Settings, Notifications என்று போனால், மெசேஜுக்கான பகுதியில் Reaction notifications என்ற சுவிட்ச் இருக்கும். குழுக்களுக்கான பகுதியில் அதே பெயரில் இன்னொன்று இருக்கிறது. இரண்டும் தனித்தனி என்பதால் இரண்டையும் அணைக்க வேண்டும். மேலே இருப்பதை மட்டும் அணைத்துவிட்டு ‘இன்னும் வருகிறதே’ என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கீழே உள்ளது விட்டுப்போயிருக்கும். டெலிகிராமிலும் Notifications and Sounds பக்கத்தில் ரியாக்‌ஷனுக்குத் தனி வரி உண்டு.

உங்கள் ஆப் ரியாக்‌ஷனை எந்த வகையில் கொடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? யாரையாவது ஒரு ரியாக்‌ஷன் போடச் சொல்லுங்கள். வரும் அறிவிப்பை அழுத்திப் பிடித்து, மூலையில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொடுங்கள். அது எந்த வகையைச் சேர்ந்ததோ அந்த இடத்துக்கே போன் உங்களைக் கூட்டிப்போகும். எந்த அறிவிப்புக்கும் இப்படிச் செய்து பார்க்கலாம். பட்டியலில் உள்ள பெயர்களை வைத்து ஊகிப்பதைவிட இது நம்பகமானது.

எந்த வரிசையில் அமைப்பது

பெரும்பாலானவர்கள் கேட்பது இதுதான்: தனி மெசேஜ் ஒலிக்க வேண்டும், குழு மெசேஜ் சத்தமில்லாமல் வந்து கிடக்க வேண்டும், அழைப்பு தவறக் கூடாது, ரியாக்‌ஷன் வேண்டவே வேண்டாம். இதற்கு நான் சொல்லும் வரிசை, முதலில் ஆப், பிறகு போன்.

1. ஆப்புக்குள் போய், அறிவிப்பே வேண்டாதவற்றை அணையுங்கள். இங்கே அது ரியாக்‌ஷன் சுவிட்சுகள் இரண்டும்.
2. ஆப்புக்குள்ளேயே ஒலியை மாற்றும் ஆசை இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.
3. அதன் பிறகு போனின் பக்கத்துக்கு வந்து, குழு வகையை Silent ஆக்குங்கள். தனி மெசேஜ் வகை ஒலியோடு இருக்கிறதா, Pop on screen ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.
4. அழைப்பு வகையைத் திறந்து, அது Silent ஆக இல்லை என்று உறுதி செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது படியை மூன்றாவதுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே உருவான வகையின் ஒலியை ஆப்பால் மாற்ற முடியாது என்று பார்த்தோம். அப்படியானால் ஆப்புக்குள் நீங்கள் வேறு ஒலியைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்ன செய்யும்? சில ஆப்கள் உங்களை நேராகப் போனின் வகைப் பக்கத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அது நேர்மையான வழி. வேறு சில ஆப்கள் பழைய வகையை நீக்கிவிட்டு, அதே பெயரில், உள்ளே வேறு அடையாளத்தோடு, புதிய ஒலி கொண்ட ஒரு வகையை உருவாக்குகின்றன. பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது. ஆனால் போனைப் பொறுத்தவரை அது நீங்கள் தொடாத புது வகை. நீங்கள் முன்பு போனில் வைத்திருந்த மாற்றங்கள் அதில் இல்லாமல் போகலாம். அமைதியாக்கி வைத்த குழு மறுபடி ஒலிப்பதற்கு இது ஒரு காரணம். ஒலியை ஒரே இடத்தில், கூடுமானால் போனின் பக்கத்தில் மட்டும், மாற்றும் பழக்கம் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

குழுக்களில் ஒன்றிரண்டு மட்டும் தொல்லை என்றால் வகையைத் தொடாதீர்கள். ஆப்புக்குள் அந்தக் குழுவை மட்டும் மியூட் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று தேர்வுகள் இருக்கும். காலக்கெடு முடிந்ததும் தானாகவே பழையபடி ஆகிவிடும் என்பது போனின் வகையில் இல்லாத வசதி.

அழைப்பு

அழைப்பு வகையை ‘அப்படியே விடுங்கள்’ என்று சொன்னது சும்மா இல்லை. அதன் பக்கத்தைத் திறந்தால் சில ஆப்களில் Sound என்ற இடத்தில் None என்றோ Silent என்றோ போட்டிருக்கும். பதறி அதை மாற்றாதீர்கள். ரிங்டோனை ஆப் நேரடியாகத் தானே ஒலிக்கவிடுகிறது, வகையின் ஒலியை நம்பியிருப்பதில்லை. அங்கே நீங்கள் ஒரு ஒலியைச் சேர்த்தால் அழைப்பு வரும்போது இரண்டும் சேர்ந்து கேட்கலாம்.

அதற்காக ஒட்டுமொத்த வகையை Silent ஆக்கிவிடவும் கூடாது. போன் பூட்டியிருக்கும்போது அழைப்பு வந்தால் திரை முழுவதும் பெயரும் பச்சைப் பொத்தானும் தெரிகிறதே, அது அழைப்பு வகை உயர்ந்த முக்கியத்துவத்தில் இருந்தால்தான் வரும். தாழ்த்திவிட்டால் திரை முழுக்க விரியாது. அழைப்பு ஒரு சாதாரண அறிவிப்பு வரியாக மற்றவற்றோடு கிடக்கும். சத்தம் கேட்கும், எடுக்க வழி தெரியாது. ஆண்ட்ராய்டு 14 முதல் இந்த முழுத்திரைக் காட்சிக்கே தனி அனுமதி ஒன்று உண்டு. செட்டிங்ஸில் Special app access என்ற பகுதியில் முழுத்திரை அறிவிப்புகள் பற்றிய வரியில், உங்கள் ஆப்புக்கு அது ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலியளவையும் ஒருமுறை பாருங்கள். பல போன்களில் ரிங்டோனுக்கும் அறிவிப்புக்கும் ஒலியளவு தனித்தனி. ஒலி பொத்தானை அழுத்தி, வரும் பட்டையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் இரண்டும் தெரியும். கால் ஒலிக்கிறது, மெசேஜ் மட்டும் ஒலிக்கவில்லை என்றால் வகைகளைக் கிளறுவதற்கு முன்பு இதைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சரியாக வருகிறதா என்று சோதிப்பது

சோதிக்கும்போது ஆப்பைத் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சாட் திரையில் இருந்தால் பொதுவாக அறிவிப்பே வராது, கேட்பது Conversation tones-ஆக இருக்கும். முகப்புத் திரைக்கு வந்து, போனைப் பூட்டிவிட்டு, இன்னொருவரை அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு மெசேஜுக்கும் இடையில் கொஞ்ச நேரம் விடச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 8.1 முதல் ஒரு ஆப் ஒரு நொடிக்கு ஒரு முறைக்கு மேல் அறிவிப்பு ஒலி எழுப்ப முடியாது. மளமளவென்று அனுப்பினால் சில மெசேஜ்களுக்கு ஒலி வராது. அதை அமைப்பின் கோளாறு என்று எண்ணிவிடக்கூடும். Do Not Disturb அணைந்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால், எந்தக் கதவில் நின்றுவிட்டது என்று கண்டுபிடிக்க ஆண்ட்ராய்டு 11-இலிருந்து இருக்கும் Notification history உதவும். செட்டிங்ஸில் Notifications பகுதியில் இருக்கும். சாம்சங்கில் Advanced settings-க்குள் தேட வேண்டும். அதை ஆன் செய்த பிறகு வருவதைத்தான் அது குறித்துவைக்கும். அதனால் முதலில் ஆன் செய்துவிட்டு, பிறகு ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள்.

மெசேஜ் அந்தப் பட்டியலில் இருந்தால், ஆப் தன் வேலையைச் செய்துவிட்டது. போன் அதை அமைதியாக வாங்கி வைத்திருக்கிறது. தேட வேண்டிய இடங்கள் வகையின் Silent, அந்த நபருக்கு மட்டும் வைத்த Silent, ஒலியளவு ஆகிய மூன்றும். பட்டியலில் இல்லையென்றால் இரண்டு சாத்தியம். ஆப்பே அனுப்பவில்லை: சாட் மியூட்டில் இருக்கலாம், ஆப்பின் உள்ளே அந்தச் சுவிட்ச் அணைந்திருக்கலாம். அல்லது போனில் அந்த வகையே முழுதாக அணைக்கப்பட்டிருக்கலாம். முழுதாக அணைத்த வகையில் வருவது வரலாற்றில்கூடப் பதியாது. ஆப்பைத் திறந்ததும் மெசேஜ்கள் மொத்தமாகக் கொட்டுகின்றன என்றால் அது வேறு பிரச்சினை. பேட்டரியைச் சேமிக்கப் போன் அந்த ஆப்பைத் தூங்க வைத்திருக்கும். App info-வில் Battery பகுதிக்குப் போய், பின்னணியில் இயங்க அதற்குத் தடை போடப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வகைகளில் எதைத் திருப்பினாலும் அது சரியாகாது.